‘திருப்திகரம்’ என்ற வசவு

நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட சான்றுக் கடிதம் நினைவிருக்கிறதா? அதிலிருந்த பெயரை அழித்துவிட்டு உங்கள் அலுவலகத்தில் வேறு யாருடைய பெயரை எழுதியிருந்தாலும், ஒரு வரியாவது பொய்யாகியிருக்குமா? ஆகியிருக்காது. அதில் மெய்யாக எதுவும் இருந்தால்தானே பொய்யாக?

கடின உழைப்பாளி. நேர்மையானவர். கீழ்ப்படிதல் உள்ளவர். தெய்வபக்தி மிக்கவர். நடத்தை மிக நன்று. இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதுவதற்கு மனிதன் தேவையில்லை, ரப்பர் ஸ்டாம்ப் போதும். ஆனாலும் இந்த நாட்டில் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுழல உட்கார்ந்து இதை எழுதுகிறார்கள். கேட்டால், போகிறவருக்கு நல்லது செய்கிறார்களாம். திருடனுக்கும் அதே கடிதம், தூங்குமூஞ்சிக்கும் அதே கடிதம், பத்து வருடம் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவருக்கும் அதே கடிதம். இதற்குப் பெயர் பெருந்தன்மை என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்பதே சரியான பெயர். அதோடு கொஞ்சம் கோழைத்தனமும்.

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் ஒரு லிப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜராக இருக்கிறார் கல்பகம். அடுக்குமாடிகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் போய் லிப்ட்டைச் சரிபார்ப்பதும் பழுது நீக்குவதும் அவருடைய பிரிவின் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். தாத்தாவின் தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வட ஆற்காட்டிலிருந்து சிகந்திராபாத்துக்கு வந்தவர். அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த கல்பகம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டடத்துக்குள் நுழைந்தாலே, “எஞ்சினியர் சார் பின்னால வர்றாராம்மா?” என்று கேட்பார்களாம். “வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குப் படியேறிவிடுவார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேசச் சொன்னாலும் பேசமாட்டார். எழுதுவதோ அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மாத ரிப்போர்ட்டை எழுதச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கம்பெனியின் முதலாளி பத்மநாபன். ஒரு லிப்ட் ஓடுவதற்குக் கயிறு, பிரேக், கதவுப் பூட்டு ஆகியவை தேவை என்பது விஞ்ஞானம். பத்மநாபனின் விஞ்ஞானத்தில் நான்காவதாக ஒன்று உண்டு: எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். புதிய ஒப்பந்தம் எடுத்த ஒவ்வொரு கட்டடத்திலும் மோட்டார் அறை வாசலில் அதைக் கோத்துத் தொங்கவிட வேண்டும் என்பது கம்பெனியின் எழுதப்படாத விதி. பழம் காய்ந்து கறுத்ததை மாற்ற ஞாபகம் வைத்திருப்பவர், கயிற்றை மாற்ற மூன்று முறை கேட்டால்தான் தலையசைப்பார்.

பணியாளர் விவகாரம் பார்க்கிறவர் கணேஷ்குமார். கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கைந்து வருடம் ஆகிறது. எம்.பி.ஏ. படித்தவர். அவருடைய கம்ப்யூட்டரில் ‘பார்மேட்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து புகழுரைகளும் அதில்தான் குடியிருக்கின்றன. யார் வேலையை விட்டாலும் பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுத்தால் கடிதம் தயார்.

இந்தப் பார்மேட் என்ன செய்யும் என்பதைக் கல்பகம் மாதவிடம் கற்றுக்கொண்டார். மாதவ் ஒரு டெக்னீஷியன். வேறொரு கம்பெனியிலிருந்து இதேபோன்ற புகழ்க் கடிதத்தோடு வந்தவன். லிப்ட்டின் கதவு சரியாக மூடிப் பூட்டினால்தான் மின்சாரம் பாய்ந்து லிப்ட் நகரும். அது பயணிகளின் கைகால்களைக் காக்கும் ஏற்பாடு. அந்தப் பூட்டு கெட்டுப்போனால், சோதித்துப் பார்ப்பதற்காகக் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டு லிப்ட்டை ஏமாற்றி நகர்த்துவார்கள். ஜம்பர் என்பார்கள். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றாமல் கட்டடத்தைவிட்டு இறங்கக்கூடாது. மாதவுக்குக் கழற்றுவது சோம்பல். வயரைப் போட்டுவிட்டு, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஒரு கட்டடத்தில் ஒரு பெண்மணி கால் வைக்கும்போதே, கதவு திறந்தபடி லிப்ட் மேலே கிளம்பியது. செருப்பு கிழிந்ததோடு போயிற்று. கால் பிழைத்தது தற்செயல்.

கல்பகம் மாதவின் பழைய கம்பெனிக்குப் போன் செய்து, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரைப் பிடித்தார்.

“இவன் வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதாங்க?”

“தெரியாம என்னம்மா. அவன் போனாப் போதும்னுதான் எழுதிக் குடுத்தோம்.” சிரித்திருக்கிறார். நல்ல நகைச்சுவை. ஒரு பெண்ணின் காலை வைத்துச் செய்த நகைச்சுவை.

மாதவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவன் கையில் கணேஷ்குமார் என்ன கொடுத்து அனுப்பினார்? அதே ஐந்து புகழுரைகள். நடத்தை மிக நன்று. கல்பகம் போய்க் கேட்டபோது, “போறவன் பாவமில்லீங்களா மேடம்?” என்றார் அவர். அடுத்த கட்டடத்தில் கால் வைக்கப்போகிறவர்கள் பாவமில்லை. அவர்கள் பார்மேட்டில் வரமாட்டார்கள்.

இப்போது பூர்ணாவுக்கு வருவோம். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். வீட்டில் பேசுவது திருவண்ணாமலைத் தமிழ். பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், பஸ் எல்லாம் தெலுங்கும் இந்தியும். கல்பகம் தமிழில் கேட்டால் பாதி தமிழில் பதில் சொல்லி மீதியை எந்த மொழி முதலில் கிடைக்கிறதோ அதில் முடிப்பாள். கல்பகத்தின் பிரிவில் நான்கு வருடம் சூபர்வைசர். டெக்னீஷியன்கள் முடித்த வேலையைப் போய்ச் சோதிப்பது அவள் பொறுப்பு. மாதவின் வயரைக் கண்டுபிடித்தவளும் அவளே.

அவளுக்குக் கச்சிபௌலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பராமரிப்புத் துறையில் வேலை கிடைத்தது. லிப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்க்கும் பிரிவு; அதில் புகார் வாங்கும் டெஸ்க்கை அவள் கேட்டிருந்தாள். ராஜினாமா கொடுத்தாள். முதலாளிக்கு அவள் போவதில் வருத்தமில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு நடந்ததே காரணம்.

கச்சிபௌலியில் ஒரு அடுக்குமாடியின் சங்கத் தலைவர், தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை வைத்திருந்தார். அன்று காலை பார்த்து ஐந்தாவது மாடியின் கதவுப் பூட்டு கெட்டது. மாற்று உதிரிப்பாகம் மாலைக்குள் வரும். அதுவரை லிப்ட் ஓடாது என்றாள் பூர்ணா. தலைவருக்கு முகூர்த்தம் தப்பிவிடும் என்ற பயம். “ஏதோ வயர் போடுவீங்களாமே, அதைப் போட்டு இன்னிக்கு மட்டும் ஓட்டு” என்று அவரே யோசனை சொன்னார். பூர்ணா மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. நிறுத்தவில்லை. “உங்க சொந்தக்காரங்க கால் போச்சுன்னா உங்க முகூர்த்தம் வந்து ஒட்ட வெக்குமா?” என்று பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் சூழ்ந்து நிற்கும்போது கேட்டுவிட்டாள். விருந்தாளிகள் படியேறினார்கள். மாலையில் பூட்டு மாறியது, லிப்ட் ஓடியது. யாருடைய காலும் போகவில்லை. எனவே நன்றி சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. பத்மநாபனுக்குப் போன் போட்டுத் திட்டத் தலைவருக்குக் காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரி, பூர்ணாவிடம் ஒரு கடிதம் கேட்டது. அவளை நேரடியாக மேற்பார்வை பார்த்தவர் எழுத வேண்டும்; அவள் என்ன வேலை செய்தாள், எப்படிச் செய்தாள் என்று இருக்க வேண்டும். நியாயமான கோரிக்கை. பூர்ணா அதை அலுவலகத்தில் கொடுத்தாள். கணேஷ்குமார் பார்மேட்டைத் திறந்தார். முதலாளியின் உத்தரவுப்படி மூன்று திருத்தம் செய்தார். ‘நடத்தை மிக நன்று’ என்ற இடத்தில் ‘நடத்தை திருப்திகரம்’. கடைசியில் வரும் வாழ்த்து வரி நீக்கம். ‘கீழ்ப்படிதல் உள்ளவர்’ என்பதும் காணாமல் போயிருந்தது.

இதைப் படிக்கும் வெளியாளுக்குத் திருப்திகரம் என்றால் திருப்தி என்று தோன்றும். பணியாளர் அலுவலகங்களின் இரகசியப் பாஷை தெரிந்தவர்களுக்கு அது ஒரு வசவு. முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிவில்லாதவர்கள், எதையும் சொல்லாமலே ஒருத்தியின் பிழைப்பில் கல் போடக் கண்டுபிடித்த வார்த்தை அது. என்ன தவறு, எப்போது, எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. திருப்திகரம் என்றுதானே எழுதினோம் என்று கண்ணை அகல விரிப்பார்கள்.

ஆனால் கணேஷ்குமாரின் கைவண்ணம் அதோடு முடியவில்லை. அவர் பார்மேட் என்று எண்ணித் திறந்தது மாதவுக்குக் கொடுத்த கடிதம். முதல் பத்தியில் பெயரை மாற்றினார், இரண்டாவதில் மாற்றினார். மூன்றாவதில் ‘திரு. மாதவ் தம் பணிக்காலம் முழுவதும்’ என்பது அப்படியே நின்றது. பத்மநாபன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் போட்டால் முதலாளிக்கு அழகில்லை போலும்.

அலுவலகம் கொடுத்த கடிதத்தைப் பூர்ணா ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கே இதைப் பார்க்கிறவர் அஸ்வினி, பராமரிப்புத் துறைத் தலைவி. மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து பூர்ணாவுக்கு மின்னஞ்சல் வந்தது. ‘கடிதத்தின் மூன்றாம் பத்தியில் வேறொருவரின் பெயர் இருக்கிறது. வேறொருவருக்கு அளித்த கடிதத்தில் நீங்கள் உங்கள் பெயரைச் சேர்த்ததுபோலத் தோன்றுகிறது. விளக்கம் வரும்வரை உங்கள் நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது.’

பழைய வேலையின் கடைசி வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடத்துக்கு வேறு ஆளும் எடுத்தாகிவிட்டது. பொய்க் கடிதம் கொடுத்தவள் என்ற பேச்சு ஒரு ஆஸ்பத்திரியில் கிளம்பினால் இன்னொன்றுக்குப் போக அதிக நாளாகாது.

கல்பகம் மின்னஞ்சலைப் படித்துவிட்டுப் பூர்ணாவையும் கூட்டிக்கொண்டு கணேஷ்குமாரின் மேசைக்குப் போனார்.

“ஏனுங்க மேடம், ஒரு பேருதானுங்களே. படிக்கிறவங்களுக்கே புரியுமுங்க” என்றார் அவர்.

“புரிஞ்சுதான் இவளைத் திருடின்னு எழுதியிருக்காங்க. தப்பு எங்களுதுன்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க.”

“அப்படி எழுதினா தப்பு கம்பெனி மேலன்னு ஆயிருமுங்க.”

“தப்பு கம்பெனி மேலதான?”

“அது வேறங்க மேடம். எழுத்துல வர்றது வேற.”

பூர்ணா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கைக்கு சார், ஏன் சார், நான் திரு. மாதவா? மீசை எங்கன்னு கேட்டா என்னா சொல்றது?” என்றாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கணேஷ்குமார் சிரிக்கவில்லை. முதலாளி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பிக்கொண்டார்.

ஒரு எழுத்துப் பிழையை ஒப்புக்கொள்ள முதலாளியின் அனுமதி வேண்டும். எலுமிச்சம்பழம் மாற்ற அனுமதி வேண்டியதில்லை. இப்படித்தான் நடக்கின்றன நம் அலுவலகங்கள்.

வெளியே வந்ததும் கல்பகம் சொன்னார்: “நான் எழுதறேன்.”

“மேடம், நக்கோ, வேணாம். சார் உங்க மேல பாய்வாரு.”

“பாயட்டும். என் கீழ வேல செஞ்ச, நான் பாத்தேன். அதை நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்? ஆனா ஒண்ணு. பாத்ததெல்லாம் எழுதுவேன். உனக்குச் சம்மதமா?”

“எல்லாம்னா?”

“எல்லாம்னா எல்லாம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார் கல்பகம். கணவர் சந்தானம், “நாலு வரி நல்லதா எழுதி அனுப்பாம என்னா யோசன?” என்றார். “அந்த நாலு வரியாலதான் இந்த வம்பே” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்தார். கிழித்துக் கிழித்து எழுதினார். மதியத்துக்கு மேல் பூர்ணா வந்து அதை வாங்கிப் படித்தாள்.

படிக்கப் படிக்க முகம் மாறியது. ஓரிடத்தில் நிறுத்தினாள். “மேடம், ‘சண்டைக்காரி’ன்னு எழுதியிருக்கீங்க.”

“இல்லியா பின்ன?”

“தார்நாகா விஷயமும் போட்டிருக்கீங்க.” தார்நாகாவில் ஒரு பழைய கட்டடத்தில் கயிறு வழுக்குகிறது என்று எண்ணி அவள் லிப்ட்டை நிறுத்தினாள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, சத்தம் வந்தது ஒரு மூடியின் திருகு தளர்ந்ததால். வயதானவர்கள் இரண்டு நாள் படியேறினார்கள்.

“போட்டேன்.”

“எனக்கு வேல குடுக்கச் சொல்ற லெட்டர்ல எதுக்கு மேடம் அது?”

“அது இல்லாத லெட்டர் ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு. கடின உழைப்பாளி, நேர்மையானவர்னு. நம்பினாங்களா?”

பூர்ணா காகிதத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினாள். “தார்நாகா சரி. நான் செஞ்சது. ஆனா தப்புன்னு யார் வந்து சொன்னாங்க உங்ககிட்ட? நான்தான சொன்னேன்? அந்தச் சங்கத்துக்காரங்ககிட்டப் போய் நானே சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்ல. அதைக் காணோம்.”

கல்பகம் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். காணோம்தான்.

“அப்புறம் சண்டைக்காரின்றது நான் செஞ்சதா, நீங்க நெனைக்கறதா? நான் என்னா பேசினேன்னு எழுதுங்க. படிக்கறவங்க அவங்களே முடிவு பண்ணிக்கட்டும். நீங்க சண்டைக்காரின்னு எழுதினா, அவரு திருப்திகரம்னு எழுதினதுக்கும் இதுக்கும் என்னா ஃபரக், என்னா வித்தியாசம்?”

சந்தானம் உள்ளேயிருந்து, “சரியாத்தான கேக்குது பொண்ணு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க” என்றார் கல்பகம். ஆனால் வார்த்தையை அடித்தார். அடைமொழி ஒன்று போய், நடந்தது ஒன்று வந்தது. அந்த வீட்டுத் தோட்டத்து மல்லிகை, மாலை வெயில் என்று இங்கே யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பூர்ணாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் அவள் லீவு எடுத்ததைப் பற்றி ஒரு வரி இருந்தது. அது வேலையைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியது என்று கல்பகமே அதை நீக்கினார். அவளுடைய கல்யாணம், சாமி, சாதி எதுவும் முதலிலிருந்தே அதில் இல்லை.

கடிதம் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருந்தது:

‘பூர்ணா என் பிரிவில் நான்கு ஆண்டுகள் சூபர்வைசராக வேலை செய்தார். நான் அவருடைய நேரடி மேலாளர். அவருடைய வேலையை வாரந்தோறும் பார்த்தேன். இது என் சொந்தக் கடிதம். கம்பெனியின் சார்பில் எழுதியதல்ல. முன்பு உங்களுக்கு வந்த கடிதம் எங்கள் அலுவலகத்தில் தயாரானது. அதில் இன்னொருவர் பெயர் நின்றது எங்கள் அலுவலகத்தின் பிழை. பூர்ணா அதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. டெக்னீஷியன்கள் முடித்த பழுதுகளை நேரில் போய்ச் சோதிப்பது அவருடைய வேலை. கதவுப் பூட்டில் ஒட்டு வயர் விட்டுச் செல்லப்பட்டதை அவர்தான் கண்டுபிடித்தார். அதன்பின், வயரைக் கழற்றியதற்குப் போட்டோ எடுக்காமல் வேலையை முடித்ததாகக் காட்டக்கூடாது என்ற முறையை ஏற்படுத்தினார். இன்றும் அதைப் பின்பற்றுகிறோம்.

ஒருமுறை தேவையில்லாமல் ஒரு லிப்ட்டை இரண்டு நாள் நிறுத்தினார். தவறு என்று தெரிந்ததும் வேறு யாரும் சொல்வதற்குமுன் என்னிடமும் கட்டடத்தாரிடமும் தாமே சொன்னார். இன்னொருமுறை, பழுதான பூட்டோடு லிப்ட்டை ஓட்டச் சொன்ன வாடிக்கையாளரிடம் மறுத்தார். மறுத்தது சரி, நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் விருந்தினர் முன்னிலையில் அவரைக் கேலி செய்தார். அது தேவையில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து ரிப்போர்ட் தாமதமாகத் தருவார், நினைவூட்ட வேண்டும். பெரிய குழுவை அவர் நடத்தி நான் பார்த்ததில்லை, அதுபற்றிச் சொல்ல இயலாது. கோபத்தோடு வருகிறவர்களை நாள் முழுவதும் சமாதானப்படுத்தும் இடத்தைவிட, சோதித்துப் பார்த்து முடிவெடுக்கும் இடம் அவருக்குப் பொருந்தும். எனக்கு இடம் இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தை அவர் படித்திருக்கிறார். கேள்வி இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.’

கீழே பெயர், பதவி, போன் நம்பர். வெற்றுத்தாள். கம்பெனி முத்திரை இல்லை, எலுமிச்சை இல்லை, பிள்ளையார் சுழியும் இல்லை.

கல்பகம் அதைத் தன் மின்னஞ்சலிலிருந்து நேராக அஸ்வினிக்கு அனுப்பினார், கணேஷ்குமாருக்கும் ஒரு பிரதி வைத்தார். மறுநாளே பத்மநாபன் ஊர் திரும்பினார். செய்தி அவர் காதுக்குப் போகக் கணேஷ்குமார் இருக்கிறாரே.

“கல்பகம்மா, என் கம்பெனி பேர்ல நீ லெட்டர் குடுத்தியாம்?”

“என் பேர்ல குடுத்தேன் சார்.”

“சர்வீஸ் மேனேஜர்னு போட்டிருக்கே.”

“ஹவ் சார், ஆமா. அதான என் வேல. வேற என்ன போடறது?”

“நம்ம தப்புன்னு வேற எழுதியிருக்கே.”

“நம்ம தப்புதான சார்.”

“அந்தப் பொண்ணு செஞ்ச தப்பையும் எழுதியிருக்கே. நான் திருப்திகரம்னு நாசூக்கா எழுதினேன். நீ போட்டு உடைச்சிருக்கே. இதுல நீ நல்லவ, நான் கெட்டவனா?”

“நீங்க எழுதினதுல அவ என்னா செஞ்சான்னே இல்லியே சார். அவளால பதில் சொல்ல முடியாது. நான் எழுதினதுக்கு அவ பதில் சொல்லலாம், சொன்னா. நானே ரெண்டு எடத்துல மாத்தினேன்.”

“போகட்டும்மா. தெய்வபக்தி உள்ளவ, பெரியவங்களுக்கு அடங்கினவன்னு ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்ல. பொம்பளைப் புள்ளைக்கு அதான மரியாதை?”

“லிப்ட் கதவு தெறந்து கெடந்தா பயப்படறவளான்னுதான் சார் அவங்களுக்குத் தெரியணும்.”

பத்மநாபனைப் போன்றவர்கள் பதில் சொல்வதில்லை, சுற்றறிக்கை விடுவார்கள். இனிமேல் கணேஷ்குமாரைத் தவிர வேறு யாரும் முன்னாள் ஊழியர்களைப் பற்றி எழுத்திலோ போனிலோ எதுவும் சொல்லக்கூடாது என்று அன்றே ஒன்று வந்தது. அதிலும் ஒரு பெயர் தப்பாக இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை, அது சரியாகவே இருந்தது. தடை போடும்போது இவர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறார்கள்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் அஸ்வினி போன் செய்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், கல்பகத்தின் உச்சரிப்பைக் கேட்டதும், “நீங்க தமிழாங்க?” என்றார். சுற்றறிக்கை மேசையில் கிடந்தது. கல்பகம் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

“உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். உண்மையச் சொல்றேன், இந்த வேலைக்கு வந்த லெட்டர்லயே ஆள் செஞ்ச தப்பையும் சொல்ற லெட்டர் இது ஒண்ணுதான். அதனாலதான் முழுசாப் படிச்சேன்.”

“சொல்லுங்க.”

“ரிப்போர்ட் லேட்டுன்னா எவ்வளவு? ஒரு நாளா, ஒரு வாரமா?”

“ரெண்டு மூணு நாள். ஆனா ஆபத்துன்னா போன்ல உடனே சொல்லிருவா. எழுதறதுக்குத்தான் மூக்கால அழுவா. என்னை மாதிரி.”

“டாக்டர் ஒருத்தர் வந்து, பேஷண்ட் வெயிட்டிங், லிப்ட்டை ஓட்டுன்னு கத்தினா?”

“ஓட்ட மாட்டா. கெட்டிருந்தா ஓட்ட மாட்டா. பதிலுக்கு ஏதாவது சொல்லுவா. அதை நீங்க கவனிச்சுக்கணும்.”

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். “அவங்க கேட்டிருந்தது புகார் வாங்கற டெஸ்க்குங்க. அங்க நான் வெக்க மாட்டேன்.”

கல்பகம் படியில் உட்கார்ந்தார். எழுதாமல் விட்டிருக்கலாமோ? அந்த ஒரு கணம் சந்தானத்தின் நாலு நல்ல வரி நியாயமாகக்கூடத் தெரிந்தது.

“இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு இடம் இருக்கு. நைட் ஷிப்டும் வரும். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம். அதுக்குச் சரின்னா திங்கக்கிழமை வரச் சொல்றேன்.”

பூர்ணாவுக்கு அது பாதி சந்தோஷம். டெஸ்க் வேலை பகல் வேலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை. அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டிருந்தாள். “உங்க உண்மையால என் தூக்கம் போச்சு மேடம்” என்று கல்பகத்திடம் குறைபட்டுக்கொண்டாள். ஆனாலும் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தாள். கல்பகத்தின் ஆண்டுச் சம்பள உயர்வு இந்த வருடம் நிறுத்தப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. அவருடைய வேலை எப்படி என்று கேட்டால் திருப்திகரம் என்பார்கள். அவர் வழக்கம்போல மொட்டை மாடிகளுக்குப் படியேறிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் போகும்போதும் எழுதுவாரா என்று கேட்டதற்கு, “பாத்ததைச் சொல்ல எவன்கிட்டக் கேக்கணும்?” என்றார்.

பத்மநாபன்களைத் திருத்த முடியும் என்று யாரும் சொல்லவில்லை. கணேஷ்குமாரின் கோப்பு இன்றும் திறக்கிறது, மூடுகிறது, மிக நன்று மிக நன்று என்று அச்சடித்துத் தள்ளுகிறது. அவர்களைப் பற்றி அல்ல, கையில் பேனா வைத்திருக்கும் உங்களைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் பிரிவிலிருந்தும் யாரோ ஒருவர் விரைவில் போகப்போகிறார். அவர் கடிதம் கேட்பார். அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். அவர் செய்ததில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை, நாள், இடத்தோடு எழுதுங்கள். பிசகியது இருந்தால் அதையும், அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அனுப்புவதற்குமுன் அவரை எதிரே உட்காரவைத்துப் படிக்கக் கொடுங்கள். அவர் சண்டை போட்டால் கேளுங்கள், நியாயமிருந்தால் மாற்றுங்கள். கடைசியில் உங்கள் போன் நம்பரைப் போடுங்கள், கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள்.